புட் ஸ்ப்ரெட் ஹெட்ஜ்: கீழே ஒரு புட்டை விற்று, மேலே உள்ள புட்டின் செலவைக் குறைப்பது எப்படி

கையில் பங்கு இருக்கிறது. விற்க மனமில்லை. ஆனால் அடுத்த மூன்று மாதம் சந்தை எப்படிப் போகுமோ என்று உறுத்துகிறது. இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது குறித்த விலையில் விற்கும் உரிமையைத் தரும் ஒரு புட் ஆப்ஷனை வாங்கிப் போடலாம் என்பதுதான். அதற்குக் கொடுக்க வேண்டிய விலையை, அதாவது பிரீமியத்தைப் பார்த்ததும் பாதிப் பேர் ஆர்டர் திரையை மூடிவிடுகிறார்கள். மூன்று மாதக் காப்புக்கு முதலீட்டில் இரண்டு சதவீதத்துக்கு மேல் போகிறது என்றால், வருஷத்துக்கு நான்கு முறை அதைச் செய்து கட்டுப்படியாகாது.

அப்போது வருகிற யோசனைதான் இது. ஒரு புட்டை வாங்குங்கள், அதே முதிர்வு நாளில் அதற்கு வெகு கீழே இருக்கும் இன்னொரு புட்டை விற்றுவிடுங்கள். விற்றதில் வருகிற பணம் வாங்கியதன் செலவில் ஒரு பங்கைக் கழித்துவிடும். செலவு குறைவது உண்மைதான். ஆனால் அதற்குப் பதிலாக எதைக் கொடுத்தோம், அது எப்போது நம்மைக் கடிக்கும் என்பது முதிர்வு நாள் வரைபடத்தைப் பார்த்தால் முழுதாகத் தெரியாது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு உதாரணத்தை எடுத்துக்கொண்டு, ஆர்டர் போடுவதிலிருந்து மூடுவது வரை அதையே தொடர்ந்து பார்ப்போம்.

## நம் உதாரணம்

ஒரு இண்டெக்ஸைப் பின்தொடரும் ஃபண்டில் 1000 யூனிட் வைத்திருக்கிறீர்கள். விலை 500, ஆக மொத்த மதிப்பு 5,00,000. ஒரு ஆப்ஷன் லாட்டுக்கு 100 யூனிட் என்றால் 10 லாட் தேவை. முதிர்வுக்கு 90 நாள். கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று வட்டியையும் டிவிடெண்டையும் பூஜ்யமாக வைத்துக்கொள்கிறேன்.

புட்டில் குறித்திருக்கும் விற்பனை விலைதான் ஸ்ட்ரைக். இரண்டு புட்களின் விலை இப்படி இருக்கிறது:

- 475 ஸ்ட்ரைக் புட், அதாவது இன்றைய விலைக்கு 5% கீழே: 11.20
- 425 ஸ்ட்ரைக் புட், அதாவது 15% கீழே: 3.50

475 புட்டை வாங்கி 425 புட்டை விற்றால் நிகரச் செலவு 7.70. யூனிட் விலையில் இது 1.54%. 475 புட்டை மட்டும் வாங்கியிருந்தால் 2.24%. மொத்தப் பணமாகப் பார்த்தால் 11,200 ஆகவேண்டிய செலவு 7,700 ஆகிறது. செலவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கைக் கீழ் புட் கட்டிவிடுகிறது.

இந்த 3.50 எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இந்த உத்திக்கு உயிரே அதில்தான் இருக்கிறது. பங்குச் சந்தை இண்டெக்ஸ்களில் ஸ்ட்ரைக் கீழே போகப்போக, ஆப்ஷன் விலையில் பொதிந்திருக்கும் ஏற்ற இறக்க எதிர்பார்ப்பு, அதாவது இம்ப்ளைடு வாலட்டிலிட்டி, சுருக்கமாக ஐவி, ஏறும். நம் உதாரணத்தில் 475 புட்டுக்கு 22%, 425 புட்டுக்கு 27%. இந்தச் சாய்வைத்தான் ஸ்க்யூ என்கிறார்கள். 1987 அக்டோபர் 19 அன்று டவ் ஜோன்ஸ் ஒரே நாளில் 22.6% விழுந்தது. இண்டெக்ஸ் ஆப்ஷன்களில் இந்தச் சாய்வு பளிச்சென்று தெரிய ஆரம்பித்து அப்படியே நிலைத்துவிட்டது அதற்குப் பிறகுதான். ஆழமான வீழ்ச்சிக்குக் காப்பு வேண்டும் என்று கூடுதல் விலை கொடுக்க எப்போதும் ஆள் இருக்கிறார்கள்.

சாய்வே இல்லாமல் 425 புட்டும் அதே 22%-ல் விலை போனால் அதன் பிரீமியம் ஏறக்குறைய 1.55 தான் வரும். ஸ்க்யூ இருப்பதால் 3.50 கிடைக்கிறது, இரண்டு மடங்குக்கும் மேல். புட் ஸ்ப்ரெட்டில் நீங்கள் விற்பது, சந்தை கூடுதல் விலை கொடுத்து வாங்கத் தயாராக இருக்கும் சரக்கு. தனிப் பங்குகளில் இந்தச் சாய்வு பல நேரம் மெலிதாக இருக்கும். அங்கே கீழ் புட்டை விற்றுக் கிடைப்பது சில்லறையாகப் போய்விடலாம். எனவே முதலில் ஆப்ஷன் செயினைத் திறந்து, நீங்கள் நினைத்திருக்கும் இரண்டு ஸ்ட்ரைக்குகளின் ஐவி என்ன என்று பார்த்துவிட்டு மேலே போங்கள்.

## முதல் படி: மேல் ஸ்ட்ரைக்

மேல் ஸ்ட்ரைக் சொல்வது இதைத்தான்: முதல் இவ்வளவு நஷ்டம் என்னுடையது. 475 என்றால் முதல் 25 புள்ளி, அதாவது 5% இழப்பை நீங்களே ஏற்கிறீர்கள். இன்றைய விலையிலேயே, 500-ல் வாங்கினால் முதல் பைசாவிலிருந்து காப்பு உண்டு, ஆனால் விலை எகிறிவிடும். 10% கீழே போனால் மலிவுதான், ஆனால் சாதாரணமாக வந்துபோகும் சரிவுகளில் அது எட்டிக்கூடப் பார்க்காது.

நான் பெரும்பாலும் 4 முதல் 6% கீழேதான் வைப்பேன். ஐந்து சதவீதச் சரிவு என்பது சந்தையில் இருப்பவர் தாங்கிக்கொள்ள வேண்டிய ஒன்று என்பது என் கருத்து. அதற்கும் காப்பு கேட்பவர் கையில் பங்கைக் குறைத்துக்கொள்வதுதான் நியாயம், செலவும் மிச்சம்.

## இரண்டாம் படி: கீழ் ஸ்ட்ரைக்

எவ்வளவு பணம் வருகிறது என்று பார்த்துக் கீழ் ஸ்ட்ரைக்கைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. பெரும்பாலோர் தடுமாறுவது இங்கேதான். அதே நாளில் மூன்று வாய்ப்புகளை எடுத்துக்கொள்வோம். 450 புட்டை விற்றால் சுமார் 6.30 வரும். 425-ல் 3.50. 400-ல் சுமார் 1.90.

450 கண்ணைப் பறிக்கிறது, செலவு 4.90-க்கு இறங்கிவிடுகிறதே! ஆனால் காப்பின் அகலமும் 25 புள்ளிக்குச் சுருங்கிவிட்டது. 4.90 கொடுத்து அதிகபட்சம் 25 பெறுகிறீர்கள், கொடுத்த ஒவ்வொன்றுக்கும் 5 போல. 425 என்றால் 7.70-க்கு 50, அதாவது 6.5 மடங்கு. 400 என்றால் 9.30-க்கு 75, எட்டு மடங்கு. கீழே போகப்போக மடங்கு கூடுகிறது என்பதற்காக அதுதான் சிறந்தது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்த முழு 75-ம் கைக்கு வர சந்தை 20% விழ வேண்டும், மூன்று மாதத்தில் அது அபூர்வம்.

நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. இந்த 90 நாளில் நான் எந்த மாதிரி வீழ்ச்சிக்குப் பயப்படுகிறேன்? ஒரு தேர்தல் முடிவு, ஒரு வட்டி அறிவிப்பு என்று பத்துப் பன்னிரண்டு சதவீதச் சரிவுக்குப் பயம் என்றால் 425 சரியாகப் பொருந்தும். 2008 போல எல்லாம் சரிந்துவிடுமோ என்பது பயம் என்றால் புட் ஸ்ப்ரெட் உங்களுக்கானதே இல்லை. அந்தப் பேரழிவுக்கான காப்பைத்தான் நீங்கள் இதில் விற்றுவிடுகிறீர்கள்.

பெரிய நிறுவனங்களும் இதைச் செய்கின்றன. ஜேபி மார்கன் ஹெட்ஜ்டு ஈக்விட்டி ஃபண்ட் ஒவ்வொரு காலாண்டும் எஸ் அண்ட் பி 500 இண்டெக்ஸில் சுமார் 5% கீழே ஒரு புட்டை வாங்கி, சுமார் 20% கீழே ஒரு புட்டை விற்கிறது. மீதிச் செலவை ஈடுகட்ட, சந்தை விலைக்கு மேலே ஒரு கால் ஆப்ஷனையும் விற்கிறது. கால் விற்பது ஏற்றத்தை விட்டுக்கொடுக்கும் தனிக் கதை. இங்கே அதைத் தொடவில்லை.

## மூன்றாம் படி: முதிர்வு நாள் கணக்கை எழுதிப் பாருங்கள்

ஆர்டர் போடுவதற்கு முன்னால் ஒரு தாளில் கைப்பட எழுதுங்கள். செயலி காட்டும் வரைபடத்தில் பங்கின் நஷ்டம் சேர்ந்திருக்காது, ஸ்ப்ரெட் மட்டும்தான் தெரியும். நமக்குத் தேவை இரண்டும் சேர்ந்தது. ஒரு யூனிட்டுக்கு இப்படி வரும்:

| முதிர்வில் விலை | ஹெட்ஜ் இல்லாமல் | 475 புட் மட்டும் | 475/425 ஸ்ப்ரெட் |
|---|---|---|---|
| 540 | +40 | +28.8 | +32.3 |
| 500 | 0 | −11.2 | −7.7 |
| 475 | −25 | −36.2 | −32.7 |
| 425 | −75 | −36.2 | −32.7 |
| 400 | −100 | −36.2 | −57.7 |
| 350 | −150 | −36.2 | −107.7 |

இதில் மூன்று எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

முதலாவது 467.30. விலை இதற்குக் கீழே முடிந்தால்தான் ஹெட்ஜ் போட்டது போடாததைவிட மேல். இது 475-ல் நிகரச் செலவு 7.70-ஐக் கழித்தது. புட் மட்டும் வாங்கியிருந்தால் இந்தப் புள்ளி 463.80.

இரண்டாவது 32.70. விலை 475-க்கும் 425-க்கும் நடுவில் எங்கே முடிந்தாலும் உங்கள் மொத்த இழப்பு இவ்வளவுதான், 6.54%.

மூன்றாவது 421.50, பலர் கணக்குப் போட மறப்பது இதைத்தான். 425-லிருந்து, கீழ் புட்டை விற்றுப் பெற்ற 3.50-ஐக் கழியுங்கள். முதிர்வில் விலை 421.50-க்கு மேலே இருக்கும்வரை, வெறும் புட்டைவிட ஸ்ப்ரெட்தான் உங்களுக்கு நல்லது. அதற்குக் கீழே போனால் வெறும் புட் வாங்கியவர் நிம்மதியாக இருப்பார், உங்களுக்குப் புள்ளிக்குப் புள்ளி நஷ்டம் தொடரும். அதாவது 15.7%-க்கு மேல் விழாது என்ற பந்தயத்தை நீங்கள் கட்டியிருக்கிறீர்கள். ‘நான் பந்தயம் எதுவும் கட்டவில்லை, ஹெட்ஜ்தானே செய்தேன்’ என்று சொல்பவர்களுக்கு இந்த எண்ணைத்தான் காட்டுவேன்.

விலை எவ்வளவு விழுந்தாலும் ஒன்று மட்டும் மாறாது. 425-க்குக் கீழே எங்கே முடிந்தாலும், ஹெட்ஜே போடாதவரைவிட நீங்கள் 42.30 மேலே இருப்பீர்கள். ஒன்று வாங்கி ஒன்று விற்கும்வரை கீழ் புட்டால் உங்கள் நிலை ஹெட்ஜ் இல்லாததைவிட மோசமாகாது. ‘ஒன்றுக்கு ஒன்று’ என்பதை அழுத்திச் சொல்கிறேன், காரணம் பின்னால் வரும்.

## நான்காம் படி: ஆர்டர்

இரண்டு புட்களையும் ஒரே ஸ்ப்ரெட் ஆர்டராக, லிமிட் விலையில் போடுங்கள். 475 புட்டில் பிட் 11.00, ஆஸ்க் 11.40 என்றும், 425 புட்டில் பிட் 3.30, ஆஸ்க் 3.70 என்றும் வைத்துக்கொள்வோம். அவசரப்பட்டு மார்க்கெட் ஆர்டரில் போனால் 11.40-க்கு வாங்கி 3.30-க்கு விற்பீர்கள், நிகரம் 8.10. நடுவிலை 7.70. அந்த 0.40 வித்தியாசம் 1000 யூனிட்டுக்கு 400. கீழ் புட்டை விற்று மிச்சப்படுத்தியது 3,500 தான், அதில் ஒன்பதில் ஒரு பங்கு நுழைவாயிலிலேயே போகிறது. 7.70-ல் லிமிட் வைத்து, நிறைவேறாவிட்டால் 0.05, 0.05 ஆக ஏற்றிப் பாருங்கள். பத்து நிமிஷப் பொறுமைக்கு இங்கே நல்ல கூலி உண்டு.

உங்கள் புரோக்கரிடம் ஸ்ப்ரெட் ஆர்டர் வசதி இல்லையென்றால் முதலில் 475 புட்டை வாங்குங்கள், அது நிறைவேறிய பிறகு 425 புட்டை விற்கவும். மூடும்போது வரிசை தலைகீழ்: முதலில் விற்றதைத் திரும்ப வாங்குங்கள், அப்புறம் வாங்கியதை விற்கவும். ஒருமுறை நான் லாபம் தெரிகிறதே என்று மேல் புட்டை முதலில் விற்றுவிட்டேன். மறு நொடியே கீழ் புட் துணையில்லாமல் நிற்பதாகக் கணக்கிட்டு, புரோக்கர் ஈடாகக் கேட்கும் மார்ஜின் பல மடங்கு ஏறியது. அதை மூடப் போட்ட ஆர்டர், கணக்கில் பணம் போதாது என்று திரும்பி வந்தது. பணம் மாற்றி மறுபடி போடுவதற்குள் விலை நகர்ந்துவிட்டது. தொகை பெரிதில்லை. ஆனால் அந்த இருபது நிமிஷம் மறக்கவில்லை.

முதிர்வு நாள் இரண்டுக்கும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதையும் சரிபாருங்கள். வாங்கியது முன்னால் முடிந்து விற்றது பின்னால் நின்றால் நடுவில் உள்ள நாட்களில் கீழ் புட் துணையில்லாமல் நிற்கும்.

எத்தனை லாட்? கையில் இருப்பது அதே இண்டெக்ஸ் ஃபண்ட் என்றால் 10. கையில் இருப்பது வேறு பங்குகளின் கலவை, ஹெட்ஜ் செய்வது இண்டெக்ஸில் என்றால், இண்டெக்ஸ் ஒரு சதவீதம் நகர்ந்தால் உங்கள் கலவை எவ்வளவு நகரும் என்று சொல்லும் பீட்டாவால் மதிப்பைப் பெருக்க வேண்டும். பீட்டா 1.2 என்றால் 12 லாட். பீட்டா கடந்த காலத்துச் சராசரிதான். உங்கள் பங்குகள் மட்டும் விழுந்து இண்டெக்ஸ் அப்படியே நின்றால் இந்த ஹெட்ஜில் ஒரு பைசாவும் வராது.

## ஐந்தாம் படி: முதிர்வுக்கு முன்னால் இது எப்படி நடந்துகொள்ளும்

இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். புட் ஸ்ப்ரெட்டில் ஏமாந்துபோனவர்களில் பெரும்பாலோர் ஏமாந்தது இங்கேதான்.

யூனிட் விலை ஒரு புள்ளி நகர்ந்தால் புட்டின் விலை எவ்வளவு நகரும் என்பதுதான் டெல்டா. போட்ட முதல் நாள் 475 புட்டின் டெல்டா −0.30 போல இருக்கும், விற்ற 425 புட்டின் டெல்டா −0.10. விற்றதால் குறி மாறும், ஆக ஸ்ப்ரெட்டின் டெல்டா −0.20. மறுநாளே சந்தை 10 புள்ளி விழுந்தால் ஹெட்ஜ் உங்களுக்குத் தருவது 2 புள்ளிதான். ‘ஹெட்ஜ் போட்டும் கணக்கு சிவப்பாகவே இருக்கிறதே’ என்று கவலைப்படாதீர்கள், இது பழுதில்லை, இதன் இயல்பே அதுதான்.

இப்போது நிஜமான அடி விழுகிறது என்று வைப்போம். 20 நாள் கழிந்திருக்கிறது, இன்னும் 70 நாள் பாக்கி. விலை 500-லிருந்து 440-க்குச் சரிந்துவிட்டது, 12% வீழ்ச்சி. பயத்தில் ஐவியும் ஏறிவிட்டது: 475 புட்டுக்கு 30%, 425 புட்டுக்கு 34%. இந்த நிலையில் 475 புட்டின் விலை சுமார் 45.40, 425 புட்டின் விலை சுமார் 18.90. ஸ்ப்ரெட்டின் மதிப்பு 26.50.

முதிர்வு நாள் அட்டவணைப்படி 440-ல் ஸ்ப்ரெட் 35 தர வேண்டும். இன்று மூடினால் 26.50 தான் கிடைக்கும். யூனிட்டில் 60 போயிருக்கிறது, ஹெட்ஜில் 18.80 வந்திருக்கிறது, நிகர இழப்பு 41.20. ‘அதிகபட்சம் 32.70’ என்று எழுதி வைத்த வரம்பை, 425-ஐத் தொடுவதற்கு முன்பே தாண்டிவிட்டோம். புட் மட்டும் வாங்கியவருக்கு இதே நாளில் இழப்பு 25.80 தான்.

காரணம் எளிது. பயம் ஏறும்போது இரண்டு புட்டும் வீங்குகின்றன. மிச்சமிருக்கும் நாட்களுக்காக ஆப்ஷன் விலையில் சேரும் பகுதிதான் காலமதிப்பு. நீங்கள் விற்ற புட்டில் இன்னும் 70 நாள் காலமதிப்பு இருக்கிறது, அதுவும் வீங்கிய விலையில், அதைத் திரும்ப வாங்கினால்தான் கதவு மூடும். விலை 425-க்குக் கீழே போனாலும் இதே கதைதான். அதே நாளில் விலை 400 ஆகி ஐவி இன்னும் ஏறியிருந்தால்கூட ஸ்ப்ரெட் 37, 38 பக்கம்தான் நிற்கும். 50-ஐ எட்ட நாட்கள் கரைய வேண்டும்.

ஆகவே திடீர் வீழ்ச்சியில் உடனே பணமாக்கிப் பங்கு வாங்க வேண்டும் என்பது உங்கள் திட்டமென்றால் இந்த ஹெட்ஜ் ஒத்துவராது. முதிர்வுவரை உட்கார்ந்திருக்க முடிந்தவருக்கு ஒத்துவரும்.

நாட்கள் கரைவது எப்போதும் எதிரி இல்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். விலை இரண்டு ஸ்ட்ரைக்குகளுக்கும் மேலே இருக்கும்போது ஒவ்வொரு நாளும் உங்கள் காசு தேய்கிறது. விலை 425-க்குப் பக்கத்தில் வந்துவிட்டால் விற்ற புட் வேகமாகத் தேய ஆரம்பிக்கும், அங்கே காலம் உங்கள் பக்கம்.

## ஆறாம் படி: நடுவில் என்ன செய்யலாம்

விலை ஏறிவிட்டால் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலான காலாண்டுகளில் நடப்பது அதுதான். 45 நாள் கழித்து விலை 540. உங்கள் 475 புட் 1.00-க்கு வந்துவிட்டது, 425 புட் 0.20-க்கும் கீழே. இந்த நிலையில் 425 புட்டைத் திரும்ப வாங்கிவிடுவேன். செலவு 200-க்குள். இனி அதில் சம்பாதிக்க மிச்சமே இல்லை, ஆனால் பெரிய ஆபத்து முழுதாக இருக்கிறது. அதை மூடியதும் கையில் கீழ் எல்லையில்லாத ஒரு புட் மிஞ்சுகிறது, ஏறக்குறைய இலவசமாக. விற்றது அதன் முதல் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு வந்தால் மூடிவிடுவது என்பது எனக்கு நானே போட்டுக்கொண்ட விதி.

ஏறிய விலையைக் காப்பாற்ற வேண்டும் என்றால் இது போதாது. 540-ல் நிற்கும்போது 475 என்பது 12% கீழே. புதிதாக 515/460 போல ஒரு ஸ்ப்ரெட்டுக்கு மாற வேண்டும், அதற்குப் புதுச் செலவு உண்டு. காலாண்டு நடுவில் இப்படி மாற்றிக்கொண்டே இருந்தால் வருஷக் கடைசியில் செலவு பயமுறுத்தும். நான் 8% ஏற்றத்துக்குக் குறைவாக இருந்தால் தொடுவதில்லை.

விலை இறங்கி ஸ்ப்ரெட் 40-ஐத் தாண்டிவிட்டால், அதாவது அதன் முழு மதிப்பில் 80%, வேறு கேள்வி வருகிறது. இனி அதிகபட்சம் வரக்கூடியது 10. சந்தை மீண்டுவிட்டால் போகக்கூடியது 40. சந்தை இன்னும் எவ்வளவு விழுந்தாலும் இது தரக்கூடியது கொஞ்சம்தான், பேருக்குத்தான் ஹெட்ஜ். அதை மூடிப் பணத்தை எடுத்துக்கொண்டு, இன்னும் பயம் இருந்தால் கீழே புதிதாக ஒன்றைப் போடுவது நல்லது. புதியது விலை கூடுதலாகத்தான் இருக்கும், ஐவி ஏறியிருக்கிறதே.

## அமெரிக்க வகை ஆப்ஷனா, ஐரோப்பிய வகையா

இண்டெக்ஸ் ஆப்ஷன்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வகை, முதிர்வு நாளில் மட்டுமே பயன்படுத்தலாம், பணமாகத் தீர்வாகும். அங்கே கவலை குறைவு. தனிப் பங்குகளிலும் ஃபண்டுகளிலும் பல சந்தைகளில் அமெரிக்க வகை இருக்கிறது. அதில் நீங்கள் விற்ற 425 புட்டை வாங்கியவர் முதிர்வுக்கு முன்பே யூனிட்டை உங்கள் தலையில் கட்டலாம். விலை 425-க்கு வெகு கீழே போய், அந்தப் புட்டில் காலமதிப்பு ஏறக்குறைய வற்றிவிட்டால் அப்படி நடக்கும். டிவிடெண்ட் தேதி கழிந்த அடுத்த நாட்களில் வாய்ப்பு கூடும்.

நடந்தால் ஒரு காலையில் கணக்கில் 1000-க்குப் பதில் 2000 யூனிட் இருக்கும், 4,25,000 பணம் கேட்டு அறிவிப்பு வந்திருக்கும். பதற்றப்பட வேண்டாம், நஷ்டத்தின் எல்லை மாறவில்லை. கூடுதலாக வந்த 1000 யூனிட்டைச் சந்தையில் விற்றுவிட்டு 475 புட்டை விற்கலாம், அல்லது 475 புட்டைப் பயன்படுத்தி அந்த யூனிட்டுகளை 475-க்குக் கொடுத்துவிடலாம். புட்டில் காலமதிப்பு மிச்சம் இருந்தால் முதல் வழி மேல். இரண்டில் எதையாவது அன்றே செய்ய வேண்டும் என்பதுதான் முக்கியம்.

முதிர்வு நாளில் விலை 425-ஐ ஒட்டி ஊசலாடினால், யூனிட் நம் தலையில் விழுமா விழாதா என்று மணி அடிக்கும்வரை தெரியாது. கடைசி நாளுக்கு முன்பே மூடிவிட்டால் இந்தத் தலைவலி இல்லை.

## ‘செலவே இல்லாமல் செய்யலாமே’

கணக்கைப் பார்த்ததும் யாராவது கேட்பார்கள்: 425 புட் 3.50 தானே, மூன்று விற்றால் 10.50 வருமே, 11.20-க்கு வெறும் 0.70 தானே கையிலிருந்து போகிறது?

முதிர்வில் விலை 350 என்று எடுத்துக்கொள்ளுங்கள். யூனிட்டில் 150 நஷ்டம். 475 புட்டில் 125 வரவு. விற்ற மூன்று புட்டில் ஒவ்வொன்றிலும் 75, ஆக 225 நஷ்டம். மொத்தம் 250.70. ஹெட்ஜே போடாமல் இருந்திருந்தால் 150 தான். 425-க்குக் கீழே ஒவ்வொரு புள்ளிக்கும் மூன்று புள்ளி போகிறது. நடுவில் மார்ஜின் கேட்டு அழைப்பு வரும், பெரும்பாலும் வீழ்ச்சியின் அடிமட்டத்தில்தான் வரும். ஒன்றுக்கு ஒன்று என்று முன்னால் அழுத்திச் சொன்னது இதற்காகத்தான்.

## காலாண்டுக்குக் காலாண்டு உருட்டும்போது

90 நாள் முடிந்ததும் புதிதாக ஒன்றைப் போட்டு உருட்டிக்கொண்டே போவதாக இருந்தால், சந்தை எந்த வேகத்தில் விழுகிறது என்பது உங்கள் முடிவைத் தீர்மானிக்கும்.

2020-ல் எஸ் அண்ட் பி 500 பிப்ரவரி 19 முதல் மார்ச் 23 வரை சுமார் 34% விழுந்தது. ஆனால் ஜனவரி முதல் மார்ச் வரை காலாண்டுக் கணக்கில் பார்த்தால் சரிவு 20%. 5%-15% ஸ்ப்ரெட்டைக் காலாண்டுத் தொடக்கத்தில் போட்டிருந்தவருக்கு முதிர்வில் முழு 10% கிடைத்திருக்கும். நடுவில் மார்ச் மூன்றாம் வாரம் வயிற்றைக் கலக்கியிருக்கும், அது வேறு.

2022 வேறு மாதிரி. அந்த இண்டெக்ஸ் முதல் காலாண்டில் சுமார் 5%, இரண்டாவதில் 16%-க்கு மேல், மூன்றாவதில் மறுபடி சுமார் 5% விழுந்தது. ஒன்பது மாதம் சேர்த்தால் பெரிய வீழ்ச்சி. அதே ஸ்ப்ரெட் இரண்டாம் காலாண்டில் முழுதாகக் கொடுத்திருக்கும், மற்ற இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றும் கொடுத்திருக்காது. ஒவ்வொரு முறை உருட்டும்போதும் ஸ்ட்ரைக்குகள் புதிய விலைக்கு இறங்குகின்றன, ‘முதல் 5% என்னுடையது’ என்பதும் மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறது. மெதுவாக, படிப்படியாக இறங்கும் சந்தையில் ஒவ்வொரு படியிலும் அந்த 5%-ஐ நீங்களே கட்டிக்கொண்டு, அதன் மேல் பிரீமியத்தையும் கட்டுவீர்கள்.

இதைத் தணிக்க ஒரு வழி, 10 லாட்டையும் ஒரே நாளில் போடாமல் மூன்றாகப் பிரித்து, மாதம் ஒன்றாக வெவ்வேறு முதிர்வு நாட்களில் வைப்பது. ஒரே தேதியின் அதிர்ஷ்டத்தில் எல்லாம் தொங்காது. கவனிக்க வேண்டிய நிலைகள் மூன்று மடங்காகும், கமிஷனும் கூடும். 10 லாட்டுக்கு 4, 3, 3 என்று பிரித்தால் போதும். மூன்று லாட்டுக்கும் குறைவாக வைத்திருப்பவர் இதற்குள் போக வேண்டாம்.